ஒரே பொய், ஒரே வீடு, இரண்டு பெண்கள்: விதியைப் பார்ப்பதா, இடத்தைப் பார்ப்பதா?



சில வருடங்களுக்கு முன்பு செட்டியார்பட்டிப் பக்கத்தில் நடந்தது. மஃரிப் தொழுகை முடிந்து ஸுன்னத்தும் தொழுதுவிட்டு எழும்போது, ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் தூணோரமாக எனக்காகக் காத்திருந்தார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர். கண்கள் சிவந்திருந்தன. அவருடைய தாயாருக்கு மூன்று நாள் முன்புதான் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னும் ஐ.சி.யு.வில் இருந்தார். அன்று காலை துபாயிலிருந்து போன் வந்திருக்கிறது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த தம்பி சாலை விபத்தில் இறந்துவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

“ஹஜரத்து, அம்மா கண்ணைத் தொறந்தா தம்பி போன் பண்ணினானான்னுதான் கேக்குறாங்க. டாக்டரு இப்ப சொன்னா தாங்காதுன்னு சொல்றாரு. பொய் சொல்றது ஹராம்தானே? நான் என்ன செய்ய?”

நான் அதிகம் யோசிக்கவில்லை. இந்த நிலைமையில் தாயாரிடம் மறைத்துக்கொள்ளலாம், அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது, வீட்டில் யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலின் முதல் பாதி சரி என்று இன்றும் நினைக்கிறேன். இரண்டாம் பாதியில் பெரிய தவறு இருந்தது. அது என்ன என்பதை எனக்கு எடுத்துக்காட்டியது, மதரஸா முடித்த பிறகு தபால் வழியில் பி.ஏ. எழுதியபோது பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துபோன ஒரு பாடம். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

வாசலில் நிற்கும் கொலைகாரன்

நல்லது கெட்டதைப் பற்றி யோசித்தவர்களில் ஒரு சாரார், ஒழுக்கம் என்பது விதி என்கிறார்கள். பொய் சொல்லாதே, வாக்கு மீறாதே, அமானிதத்தைத் திருப்பிக் கொடு. விதி தெரிந்தால் போதும். நம் முன்னால் வருகிற விஷயம் அந்த விதிக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு நடந்துகொள்ளலாம். இந்தக் கட்சியில் மிகவும் பிடிவாதமானவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட். பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கான்ஸ்டன்ட் அவரை மறுத்து எழுதியபோது, அதற்குப் பதிலாக 1797-இல் காண்ட் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு கொலைகாரன் உங்கள் வாசலில் வந்து நின்று, அவன் கொல்லத் தேடும் உங்கள் நண்பர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்பதுதான் காண்டின் தீர்ப்பு.

கேட்டவுடன் நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும். நீங்கள் “அவர் இங்கே இல்லை” என்று பொய் சொல்லி அனுப்புகிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அந்த நண்பர் பின்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறார். திரும்பிப் போகிற கொலைகாரன் வழியில் அவரைப் பார்த்துக் கொன்றுவிடுகிறான். அந்தச் சாவில் உங்கள் பொய்க்குப் பங்கு இருக்கிறது. உண்மை சொல்லியிருந்தால், பின்னால் என்ன நடந்தாலும் பொறுப்பு உங்களுடையது அல்ல. விளைவு மனிதன் கையில் இல்லை; அவன் வாயிலிருந்து வரும் சொல்தான் அவன் கையில் இருக்கிறது என்கிறார் காண்ட். முடிவு எனக்கு ஒப்பவில்லை. ஆனால், நல்லது நடக்கும் என்று நினைத்துத்தான் பொய் சொன்னேன் என்று பள்ளிவாசலில் வந்து உட்காருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருப்பது தெரிகிறது.

1930-இல் பிரிட்டனின் ராஸ் என்ற அறிஞர் ஒரு நடுவழியைச் சொன்னார். கடமைகள் பல. வாக்கைக் காப்பது, செய்த தீங்குக்கு ஈடு கொடுப்பது, நன்றி, நீதி, பிறருக்குத் தீங்கு செய்யாமை என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார். ஒவ்வொன்றும் தராசில் ஒரு படிக்கல் மாதிரி. எப்போதும் தன் தட்டில்தான் கிடக்கும். ஆனால் எதிர்த் தட்டில் அதைவிடப் பெரிய கல் விழுந்தால் இது மேலே போய்விடும். வாசலில் கொலைகாரன் நிற்கும்போது உண்மை பேசும் கடமை ஒழிந்துபோகவில்லை. ஓர் உயிரைக் காக்கும் கடமை அதைவிடக் கனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் காலத்தில் இதையும் மறுத்து ஒருவர் எழுதினார். அவர் பெயர் ஜோனதன் டான்சி, அவரும் பிரிட்டன்காரர். விதிகள் இல்லாமலேயே அறவியல் இருக்க முடியும் என்று வாதிடும் அவருடைய நூல் 2004-இல் வந்தது. மாரல் பர்டிகுலரிசம் என்று இந்தக் கருத்தை அழைக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்வையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பொதுவிதிகளை நம்பி இருக்க முடியாது என்பது அதன் சாரம். டான்சி காட்டும் ஓர் உதாரணம் மிகவும் எளிமையானது. நான் உங்களிடம் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கினேன். வாங்கினேன் என்பதே அதை உங்களிடம் திருப்பிக் கொடுக்க ஒரு காரணம். பிறகுதான் தெரிகிறது, நீங்கள் அதை நூலகத்திலிருந்து திருடி வைத்திருந்தீர்கள். இப்போது உங்களிடம் கொடுப்பதற்கு ஒரு காரணமும் நூலகத்தில் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது என்று சொல்வோமா? இல்லை என்கிறார் டான்சி. உங்களிடம் கொடுப்பதற்கான காரணமே செத்துவிட்டது. கல் எடை குறைந்து மேலே போகவில்லை, தட்டிலேயே இல்லை.

ராஸுக்கும் டான்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருவருமே சூழ்நிலையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ராஸின் கணக்கில் பொய் என்பது எப்போதும் கெட்ட பக்கத்தில் விழும் கல். டான்சியின் கணக்கில் அதே விஷயம் ஓர் இடத்தில் கெட்ட பக்கத்திலும், இன்னோர் இடத்தில் நல்ல பக்கத்திலும் விழலாம், எந்தப் பக்கத்திலும் விழாமலும் போகலாம். எந்தப் பக்கம் என்பதை மற்ற விவரங்கள்தான் முடிவு செய்யும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிற திருக்குறளின் முப்பதாவது அதிகாரம் வாய்மை. அதன் இரண்டாவது குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். பலரும் இதை விதிவிலக்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய குறளில் அவர் வாய்மை என்றால் என்ன என்பதையே தீங்கில்லாத சொல் என்று வரையறுத்துவிட்டார். ஆகவே அவர் விதியை மீறச் சொல்லவில்லை. விதியை ஒரு படி கீழே, தீங்கு செய்யாமையில் கொண்டுபோய் ஊன்றுகிறார். இப்படி அடியில் வேறொரு விதியைத் தேடிப் போகிறவர்களை டான்சியின் கட்சியில் சேர்க்க முடியாது.

உமர் (ரலி) அவர்களும் ஓர் ஒட்டகமும்

நம் ஃபிக்ஹ் எந்தக் கட்சி? விதிக் கட்சி என்றுதான் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஹலால், ஹராம் பட்டியலாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் நம்மில் பலருக்கும் அப்படித்தான் தெரிகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு இருக்கிறது. அதை நிதானமாகப் படித்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்பது புரியும்.

ஹாத்திப் (ரலி) அவர்களின் அடிமைகள், முஸைனா கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவரின் பெண் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. திருட்டு நிரூபணமானது, விதி தெளிவாக இருந்தது, தண்டனையை நிறைவேற்றும்படி முதலில் உத்தரவும் போட்டுவிட்டார்கள். பிறகு அடிமைகளின் எஜமானரைப் பார்த்து, நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்று நினைக்கிறேன் என்று சொன்னார்கள். வழக்கின் முகமே மாறிவிட்டது. குற்றவாளிகள் நின்ற இடத்தில் இப்போது எஜமானர் நிற்கிறார். உமக்கு வலிக்கும்படியான அபராதம் போடுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒட்டகக்காரரிடம் விலை கேட்டார்கள். நானூறு திர்ஹத்துக்குக் கேட்டும் நான் கொடுக்கவில்லை என்றார் அவர். எண்ணூறு கொடும் என்று எஜமானருக்கு உத்தரவானது.

இதை டான்சி படித்திருந்தால், பாருங்கள், பசித்தவனின் கையில் திருட்டு என்ற அம்சமே தன் பொருளை இழந்துவிட்டது என்று சொல்லியிருப்பார். விதிக்காரர் வேறு மாதிரி சொல்வார்: திருட்டுத் தண்டனைக்கு ஆரம்பத்திலிருந்தே நிபந்தனைகள் உண்டு, நிர்ப்பந்தம் என்ற சந்தேகம் வந்தால் தண்டனை விலகும், உமர் (ரலி) விதியை விட்டு விலகவில்லை, அதை முழுமையாகப் படித்தார்கள். பஞ்ச காலத்தில் திருட்டுத் தண்டனையை அவர்கள் நிறுத்தி வைத்ததையும் நம் உலமாக்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

இரண்டு விளக்கமும் இதுவரை சமமாகவே ஓடுகின்றன. வழக்கின் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தச் சம்பவத்தை எழுதி முடித்த இமாம் மாலிக், விலையை இரட்டிப்பாக்குவது எங்களிடம் நடைமுறை இல்லை, ஒட்டகத்தை எடுத்த அன்று அதன் மதிப்பு என்னவோ அதைக் கொடுப்பதே நடைமுறை என்று குறிப்பு எழுதுகிறார்கள். அதாவது ஒரே தீர்ப்பின் ஒரு பாதி பிற்காலத்துக்கு விதியாகிவிட்டது: பசி என்ற நிர்ப்பந்தம் தண்டனையை விலக்கும். இன்னொரு பாதி, இரட்டிப்பு விலை, அந்த எஜமானருக்கும் அந்த நாளுக்கும் உரியதாக அங்கேயே நின்றுவிட்டது. எது அடுத்த வழக்குக்கும் போகும், எது போகாது என்று பிரிக்க ஒரு சூத்திரம் இருக்கிறதா? நான் தேடிய வரையில் இல்லை. பல வழக்குகளைப் பார்த்துப் பழகிய ஒரு கண் வேண்டியிருக்கிறது.

அந்தலூஸைச் சேர்ந்த இமாம் ஷாதிபி (ரஹ், மறைவு 1388) இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். எந்த விவகாரமும் முந்தைய ஒன்றின் நகல் அல்ல. இந்த விதி இந்த ஆளுக்கு, இந்த இடத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கும் இஜ்திஹாத் உலகம் உள்ளவரை நிற்காது என்பது அவர்களின் கருத்து. ‘தஹ்கீக்குல் மனாத்’ என்று அதற்குப் பெயர். மதரஸாவில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது ஒரு கலைச்சொல்லாக மட்டும் இருந்தது. உஸ்தாத் அன்றே ஒட்டகக் கதையோடு சேர்த்து நடத்தியிருக்கலாம்.

மாப்பிள்ளை விசாரிக்க வருகிறார்கள்

ராஸ் சொல்வது சரியா, டான்சி சொல்வது சரியா என்று சோதித்துப் பார்க்க நம் வீடுகளிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மஹல்லாவுக்கு வருவார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கடைசியில் இமாமிடம் வருவார்கள். ஒருவரின் குறையை அவர் இல்லாத இடத்தில் பேசுவது புறம். அது எவ்வளவு பெரிய பாவம் என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், முஆவியாவும் அபூஜஹ்மும் தன்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னபோது, நபியவர்கள் இருவரின் குறையையும் சொன்னார்கள். ஒருவரிடம் பணமில்லை, இன்னொருவர் தோளிலிருந்து கம்பை இறக்குவதே இல்லை. உஸாமாவை மணந்துகொள்ளும்படி ஆலோசனை சொன்னார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது.

ஒருவருக்குக் கை நீளும் பழக்கம் இருக்கிறது. டீக்கடையில் அதைச் சொன்னால் பாவம். பெண்ணின் தகப்பனார் நேரில் வந்து கேட்கும்போது சொல்லாமல் விட்டால் பாவம். அதே தகவல், அதே நாக்கு. டான்சி சொன்ன திசை மாற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் அவருடைய நூலிலேயே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதோடு நிறுத்தவில்லை. புறம் பேச அனுமதிக்கப்பட்ட இடங்களைச் சொல்லும்போது ஒரு கட்டுப்பாட்டையும் சேர்க்கிறார்கள். இந்த இடம் உங்களுக்குச் சரிப்படாது என்று மட்டும் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்றால், குறையை விவரிக்கக் கூடாது. அது போதாவிட்டால்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். இதைக் கவனித்துப் பாருங்கள். மறைப்பதற்கான காரணம் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால், எவ்வளவு சொன்னால் என்ன? முழுக்கதையையும் சொல்லலாமே? தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்றால், அந்த மனிதரின் மானம் இன்னும் தராசில் கிடக்கிறது என்று அர்த்தம். எடையில் தோற்றிருக்கிறது, இல்லாமல் போகவில்லை. ஆகவே இந்த இடத்தில் என் ஓட்டு ராஸுக்குத்தான். நூலகப் புத்தகத்தின் விஷயத்தில் டான்சிக்கே போடுவேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்த பிறகு திருடனுக்கு அதில் பாதி உரிமையும் மிஞ்சுவதில்லை.

ஒன்றைச் செய்து முடித்த பிறகு ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று பாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது, குறைத்துப் பேச வேண்டியது, ஈடு கொடுக்க வேண்டியது என்று ஏதாவது மிஞ்சினால், அந்தக் கடமை தோற்றது, சாகவில்லை. ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது அந்த இடத்தில் இருக்கவே இல்லை. தத்துவ நூல்களில் நான் படித்தவற்றில் அன்றாட வேலைக்கு அதிகமாக உதவிய பகுதி இது.

மீண்டும் ஆஸ்பத்திரிக்கு

பொய் விஷயத்தில் நம்மிடம் உள்ள அடிப்படை, உம்மு குல்தூம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். மக்களைச் சமாதானம் செய்துவைப்பதற்காக நல்லதை எடுத்துச் சொல்கிறவர் பொய்யர் அல்லர் என்பது அதன் கருத்து. போர், சமாதானம், கணவன் மனைவி பேச்சு என்ற மூன்று இடங்களும் அதில் வருகின்றன. இந்த மூன்றோடு முடிந்ததா, அல்லது மூன்றும் உதாரணங்களா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்றிலும்கூட நேரடிப் பொய் கூடாது, இரு பொருள் தரும் பேச்சுதான் அனுமதி என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு 1111) அவர்கள் இஹ்யாவில் நாவின் ஆபத்துகளைப் பேசும் பகுதியில் இதை ஒரு பொது அளவுகோலாக ஆக்கினார்கள். நவவி இமாமும் ரியாளுஸ்ஸாலிஹீனில் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். பேச்சு என்பது ஒரு நோக்கத்துக்கு வழி. நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடைய முடியும், பொய்யாலும் அடைய முடியும் என்றால் பொய் ஹராம். பொய்யால் மட்டுமே முடியும் என்றால், நோக்கம் ஆகுமானதாக இருந்தால் பொய்யும் ஆகும். நோக்கம் கடமையாக இருந்தால் பொய்யும் கடமை. அநியாயக்காரனிடமிருந்து ஒளிந்துகொண்டிருப்பவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதை அவர்கள் கடமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். காண்டின் வாசலில் நின்ற கொலைகாரனுக்கு, அவர் பிறப்பதற்கு அறுநூறு வருடம் முன்பே பதில் எழுதப்பட்டிருந்தது. அப்போதும் இரு பொருள்படப் பேசித் தப்ப முடியுமானால் அதுவே சிறந்தது என்றும் சேர்த்திருக்கிறார்கள். இங்கேயும் ஒரு பாக்கி நிற்பதைக் கவனியுங்கள்.

இந்த அளவுகோலை வைத்துத்தான் அன்று மாலை தாயாரிடம் மறைக்கலாம் என்றேன். இரவு இஷாவுக்குப் பிறகு படுக்கும்போது ஒரு கேள்வி உறுத்தியது. “வீட்டில் யாரும் வாய் திறக்க வேண்டாம்” என்றேனே, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? இறந்த தம்பியின் மனைவியும் அங்கேதான் இருந்தார். அண்ணனுக்குப் போன் செய்தேன். “அவங்களுக்கும் சொல்லல ஹஜரத்து. நீங்கதான் சொல்ல வேணாம்னீங்க. அழுதா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்ல?”

ஒரே பொய், ஒரே நாள், ஒரே வீடு. ஆனால் இரண்டு பெண்களின் இடமும் வேறு. தாயாரின் உயிருக்கு அந்தச் செய்தியே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்; பொதுவாகச் சொல்லவில்லை, ஐ.சி.யு.வை விட்டு வெளியே வரும்வரை என்று ஒரு கெடு வைத்துச் சொல்லியிருந்தார். மருமகளுக்கு அப்படி ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் அவருக்கு உரிமைகள் இருந்தன. நான்கு மத்ஹபுகளிலும் கணவன் இறந்த இத்தா, செய்தி தெரிந்த நாளிலிருந்து அல்ல, இறந்த நாளிலிருந்தே கணக்கு. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள். தெரியாமல் கழிந்த நாட்களுக்கு அவர் மீது குற்றமில்லை. ஆனால் அந்த நாட்களை அவரிடமிருந்து எடுத்தவர்கள் நாம். மய்யித்தை அங்கேயே அடக்குவதா, ஊருக்குக் கொண்டுவருவதா என்று ஆண்கள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் முதலில் கேட்கப்பட வேண்டியவர் பக்கத்து அறையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் மறைத்ததில் அவருக்கு என்ன நன்மை? எங்களுடைய வசதிதான். அழுவார் என்பது ஒரு காரணமே அல்ல. அழுவது அவருடைய உரிமை.

தாயாருக்குச் சரியாக இருந்த ஒன்றை நான் “வீட்டுக்கு” என்று பொதுவிதியாக்கிவிட்டேன். சூழ்நிலையைப் பார்க்கிறேன் என்று தொடங்கி, அரை நிமிடத்தில் இன்னொரு குருட்டு விதியைச் செய்து கொடுத்திருக்கிறேன். இடம் பார்ப்பவர்கள் இப்படித்தான் சறுக்குகிறார்கள். மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அந்தப் பெண்ணின் தகப்பனாரை வரவழைத்து, அவரும் அண்ணனுமாகச் சொன்னார்கள். மய்யித் ஊருக்கு வர வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார், அப்படியே செய்தார்கள்.

தாயாரிடம் என்ன சொல்வது என்பதையும் அண்ணனோடு உட்கார்ந்து பேசினேன். அவர் ஏற்கெனவே, “நேத்து ராத்திரி பேசினான்மா, உங்களைக் கேட்டான்” என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்றேன். “அவன்கிட்ட இப்ப போன் இல்லம்மா” என்பது உண்மை. அது தாயாரைச் சில நாட்கள் காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான். “உங்களைக் கேட்டான்” என்பது இல்லாத ஒரு நினைவை அவர் மனதில் விதைக்கிறது. உண்மை தெரிந்த பிறகு அந்த நினைவை அவர் என்ன செய்வார்? மறைப்பதற்கும் புனைவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் எந்த விதியிலும் எழுதியிருக்காது. அந்தத் தாயாரின் இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் விதிகளையே விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் இடம் பார்த்து நடந்தால் என்ன? இதற்கு பிராட் ஹூக்கர் என்ற அறிஞர் 2000-இல் வந்த ஒரு தொகுப்பில் நல்ல எதிர்ப்பு ஒன்றை எழுதினார். விதியை நம்பாத ஒருவரோடு நீங்கள் ஒப்பந்தம் போடுவீர்களா என்பதே அவருடைய கேள்வி. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். துணி கொடுக்கும் முதலாளி, பீஸ் தைத்துக் கொடுத்தால் சனிக்கிழமை கூலி என்கிறார். வாக்கு என்பதற்குத் தனியாக எந்தக் கனமும் இல்லை, சனிக்கிழமை வரும்போது நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்வேன் என்று அவர் உள்ளூர நினைப்பது தெரிந்தால், எந்தப் பெண்ணாவது மெஷினில் உட்காருவாளா? அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் என்ன செய்வார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது, அது போதும். பிள்ளை வளர்ப்பிலும் இதேதான். ஏழு வயதுப் பிள்ளையிடம் பொய் சில இடங்களில் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தால், அது கண்டுபிடிக்கும் முதல் இடம் வீட்டுப்பாடமாகத்தான் இருக்கும்.

பெரியவர்களும் அந்தப் பிள்ளையைவிட மேலானவர்கள் இல்லை. என்னிடம் வந்து, “ஹஜரத்து, எங்க விஷயம் வேற” என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே விஷயம் வேறாக இருக்கும். மீதிப் பேருக்கு வேறாக இருப்பது ஆசை மட்டும். பிரித்துப் பார்க்க நான் இப்போது இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். இந்த வித்தியாசத்தால் லாபம் யாருக்கு என்பது ஒன்று. மருமகளின் விஷயத்தில் அதை முதல் நாளே கேட்டிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். இன்னொன்று, நீங்கள் ஏமாற்றப்படுகிற ஆளாக இருந்து, பிறகு எல்லாம் தெரியவந்தால், செய்தது சரி என்று ஒப்புக்கொள்வீர்களா என்பது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது கஷ்டம். சில சமயம் பதில் பின்னால்தான் வரும்.

ஒன்பதாவது நாள் தாயாரை வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் பக்கத்தில் இருக்க, மகள்தான் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவர் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். எதற்காக மறைத்தோம், அது யார் சொன்ன யோசனை என்பதை நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. செஞ்சது சரிதான், எனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும் என்றார். கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா ஹஜரத்து, அந்த ஒம்பது நாளும் அவன் ஒடம்பு நல்லாருக்கணும்னுதான துஆ செஞ்சேன். அவனுக்கு மஃபிரத் கேக்காமப் போயிட்டேனே” என்றார்.

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அன்று அவரோடு சேர்ந்து துஆ செய்துவிட்டு வந்தேன்.